பெரியப்பாவுக்கு ஒரு நலம் விசாரிப்பு: விகுதியும் எழுத்தும் சரிபார்த்து அனுப்புவது எப்படி?

காவேரிப்பட்டணத்தில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி பேனர் என்று எது வந்தாலும் பிழை பார்த்துவிட்டுத்தான் பிரிண்டுக்கு அனுப்புவேன். பேனரில் ஒரு கொம்பு விட்டுப்போனால் ஊரே நின்று வாசிக்கும், அந்தப் பயம்தான்.

போன மாதம் ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கும் என் தங்கை மகன் கடைக்கு வந்தான். அவனுடைய பெரியப்பா பாலக்கோடு பக்கம் தக்காளி போட்டிருக்கிறார். ராத்திரி கரண்ட் வந்ததும் தண்ணி கட்டப் போனவர், வரப்பில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். தர்மபுரி பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். "மாமா, நேர்ல போக ஞாயித்துக்கிழமை ஆயிடும். அதுக்குள்ள ஒரு மெசேஜ் போடலாம்னு எழுதினேன், கொஞ்சம் பாருங்க" என்று போனை நீட்டினான். அதில் இருந்தது இது:

> அன்புள்ள பெரியப்பாவிற்க்கு, நீ வரப்புல விழுந்து கால் எழும்பு முறிந்து ஆஸ்பத்திரில சேர்த்து இருக்கிறதா கேள்விபட்டேன். உடம்பை பார்த்துகொள். டாக்டர் சொல்ர மாத்திரையை ஒழுங்காக சாப்பிடவும். இனிமேல் ராத்திரியில் தண்ணி கட்ட போகாதிர்கள். சீக்கரம் குனமாகி வீடு திரும்ப இறைவனை வேண்டிகொல்கிறேன். பெரியம்மாவை கவலை பட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஞாயிற்றுகிழமை வருகிரேன். இப்படிக்கு உங்கள் அன்பு தம்பி மகன்.

பாசத்தில் குறை இல்லை. பிழை மட்டும் 15-க்கும் மேல். இதை நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து திருத்திய வரிசையிலேயே சொல்கிறேன். உங்கள் கையில் இருப்பது அத்தைக்கோ தாத்தாவுக்கோ எழுதியதாக இருந்தாலும் இதே வரிசையில் போகலாம்.

1. இதை யார் வாசிக்கப் போகிறார்கள்?

விகுதியைத் தொடுவதற்கு முன்னால் நான் கேட்டது இதைத்தான். "பெரியப்பாவுக்குத்தான் மாமா" என்றான். பெரியப்பாவுக்குக் கண்ணாடி இல்லாமல் போனில் எழுத்து தெரியாது. கண்ணாடியோ பாலக்கோட்டு வீட்டில் கிடக்கிறது. அப்படியானால் வார்டில் துணைக்கு இருக்கும் அவர் மகள்தான் வாசித்துக் காட்டும். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரும் கேட்பார், அவரைப் பார்க்க வந்த சொந்தக்காரரும் கேட்பார்.

இது தெரிந்த பிறகு "நீ" என்ற சொல்லே வேறு மாதிரி ஒலிக்கிறது. வீட்டுத் திண்ணையில் "பெரியப்பா, நீ எப்ப வந்த?" என்று கேட்டால் அது உரிமை. நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் அப்பாவையே அப்படித்தான் கூப்பிடுகிறோம். குரலும் முகமும் கூட இருப்பதால் அதில் மரியாதைக்குறைவு தெரிவதில்லை. எழுத்தில் குரல் போகாது. மூன்றாவது ஆள் வாயால் வாசிக்கும்போது "நீ வரப்புல விழுந்து" என்பது திட்டுகிற மாதிரி இருக்கும். ஆகவே பேச்சில் "நீ" போட்டாலும், இந்த மெசேஜில் "நீங்கள்" என்று முடிவு செய்தோம்.

எல்லாருக்கும் இதே முடிவு என்று நினைக்க வேண்டாம். பிறந்ததிலிருந்து "நீ, வா, போ" என்றே பேசிய அம்மாவுக்கோ பாட்டிக்கோ திடீரென்று "நீங்கள் நலமா" என்று எழுதினால், என்ன கோபமோ என்று அங்கிருந்து போன் வரும். அவர்களுக்கு "நீ" தான் சரி. அத்தை, மாமா, சித்தப்பா, பெரியப்பா, சம்பந்தி வீட்டார் என்று வந்தால் "நீங்கள்". "தாங்கள்" என்பது மனு எழுதும்போதும் அழைப்பிதழிலும் வரட்டும். சொந்தப் பெரியப்பாவைத் "தாங்கள்" என்றால் அவரை நாற்காலி போட்டு வாசலில் உட்காரவைத்த மாதிரி இருக்கும்.

2. முடிவு செய்ததைக் கடைசி வரைக்கும் கொண்டுபோவது

தங்கை மகன் மெசேஜில் பெரிய சிக்கல் "நீ" மட்டும் இல்லை. முதல் வரியில் "நீ", இரண்டாவதில் "பார்த்துகொள்", மூன்றாவதில் "சாப்பிடவும்", நாலாவதில் "போகாதிர்கள்", கடைசியில் "உங்கள்". ஒரே பெரியப்பா ஐந்து வரிக்குள் மூன்று ஆளாகிவிட்டார். பெரும்பாலான மெசேஜ்களில் நடப்பது இதுதான். தொடங்கும்போது மனசில் பேசுகிற மாதிரி வருகிறது, நாலு வரி போனதும் பள்ளிக்கூடத்தில் எழுதிய கடிதம் ஞாபகம் வந்துவிடுகிறது.

இதைச் சரிபார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. ஒவ்வொரு வாக்கியத்திலும் கடைசிச் சொல்லை மட்டும் பாருங்கள். அது எதிரில் இருப்பவரைக் குறித்தால், "நீங்கள்" என்பதற்கு ஏற்ற வால் இருக்க வேண்டும். செய்யச் சொல்லும் சொல் "உங்கள்" என்று முடியும்: பாருங்கள், சாப்பிடுங்கள், பார்த்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று சொல்வது "ஆதீர்கள்" என்று முடியும்: போகாதீர்கள், கவலைப்படாதீர்கள். அவர் செய்வதைச் சொன்னால் "ஈர்கள்": இருக்கிறீர்கள், வந்தீர்கள், வருவீர்கள்.

இந்த "ஈர்கள்" எப்போதும் நெடில். "போகாதிர்கள்", "வருகிறிர்கள்" என்று குறிலாக வருவது நான் தினமும் பார்க்கிற பிழை. போனில் எழுதும்போது சுழி விட்டுப்போகிறது. வாய்விட்டுச் சொன்னால் தீ நீளும். நீண்டால் நெடில் போடுங்கள். கடைசியில் வரும் "கள்" எப்போதும் ள்தான், "கல்" ஆகாது.

வினை முடிந்தபிறகு "உன்", "உனக்கு", "உன்னை" எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள். "உன் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். வினையைத் திருத்தியவர்கள் இந்தச் சின்னச் சொல்லை மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம், மெசேஜில் வரும் மற்ற பெரியவர்கள். நம் ஊர்ப் பேச்சில் "அம்மா சொல்லுச்சு", "பாட்டி வந்துச்சு" என்போம். வீட்டுப் பெண்களைப் பற்றி அஃறிணையில் பேசுவது இங்கே பாசம்தான். ஆனால் அதை அப்படியே எழுத்தாக்கி "அம்மா சொன்னது" என்று எழுதினால், அம்மா சொன்ன விஷயம் என்று பொருள் மாறிவிடுகிறது. "சொன்னாள்" என்று எழுதவும் மனசு வராது. "அம்மா சொன்னார்" என்பதே எழுத்துக்குச் சரி. அது கொஞ்சம் மேடைப் பேச்சாகத் தெரிந்தால், விகுதியே வராமல் சுற்றிப் போகலாம்: "அம்மா சொல்லித்தான் தெரிந்தது". தங்கை மகனுக்கு இது ரொம்பப் பிடித்துப்போய் அதையே எடுத்துக்கொண்டான்.

3. "சாப்பிடவும்" என்பது மரியாதையா?

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். "சாப்பிடு" என்றால் அதிகாரம், "சாப்பிடுங்கள்" என்றால் நீளம், "சாப்பிடவும்" என்றால் பணிவு என்று ஒரு கணக்கு. "குலுக்கிய பின் உபயோகிக்கவும்" என்று மருந்துப் பாட்டிலில் வருவதும் இதே "வும்" தான். அறிவிப்புப் பலகைக்கும் விண்ணப்பப் படிவத்துக்கும் அது பொருந்தும், ஏனென்றால் அங்கே யார் வாசிப்பார் என்று எழுதுகிறவருக்குத் தெரியாது. பெரியப்பா யார் என்று நமக்குத் தெரியும். அவருக்கு "சாப்பிடுங்கள்".

விகுதி சரியாக இருந்தும் மரியாதை போகும் இடம் ஒன்று உண்டு. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், மாத்திரை சாப்பிடுங்கள், ராத்திரி போகாதீர்கள், ஓய்வெடுங்கள் என்று வரிசையாக நாலு கட்டளை வந்தால், எத்தனை "ங்கள்" போட்டாலும் அது சின்னப்பிள்ளைக்குச் சொல்வது போலத்தான் இருக்கும். அதிலும் "இனிமேல் ராத்திரியில் தண்ணி கட்டப் போகாதீர்கள்" என்பதை அவர் எப்படி எடுத்துக்கொள்வார்? மோட்டாருக்குக் கரண்ட் ராத்திரியில்தான் வருகிறது என்றால் அவர் என்ன செய்வார்? முப்பது வருஷமாகத் தண்ணி கட்டுகிறவருக்கு ஓசூரில் ஷிப்ட் பார்க்கிறவன் சொல்லும் புத்தியாகத்தான் தெரியும்.

அந்த வரியை எடுத்துவிடச் சொன்னேன். "அப்ப தோட்டத்த யாரு பாக்கறது? அதத்தான மாமா அவரு நெனச்சுக்கிட்டு இருப்பாரு" என்றான். அதையே எழுது என்றேன். அவன் அப்பா ஏற்கெனவே தோட்டத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தார். "தோட்டத்தை அப்பா பார்த்துக்கொள்வார்" என்று அந்த வரி மாறியது. இப்போது கட்டளை ஒன்று குறைந்தது, கட்டிலில் படுத்திருப்பவருக்குத் தேவையான சேதி ஒன்று கூடியது. கட்டளை ஒன்றிரண்டுக்கு மேல் போனால் மற்றதை இப்படிச் சேதியாகவோ வேண்டுதலாகவோ மாற்றிவிடலாம்.

4. பொருளையே மாற்றும் எழுத்துகள்

இனி எழுத்துப்பிழை. எல்லாப் பிழையும் ஒன்றல்ல. "சீக்கரம்" என்று எழுதினால் "சீக்கிரம்" என்று புரிந்துவிடும். வேறு சொல்லாகவே மாறும் பிழையை முதலில் பிடிக்க வேண்டும்.

"வேண்டிகொல்கிறேன்" என்பதை அவனையே வாசிக்கச் சொன்னேன். வாசித்துவிட்டுச் சிரித்தான். கொல் என்றால் உயிரை எடுப்பது. கொள் என்றால் எடுத்துக்கொள்வது. நலம் விசாரிக்கும் மெசேஜில் "பார்த்துக்கொள்", "எடுத்துக்கொள்", "வேண்டிக்கொள்" என்று இந்தச் சொல் மூன்று நாலு முறை வந்துவிடும், அதனால்தான் ஆபத்தும் அதிகம். ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக மாற்றுகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். `l` என்று தட்டினால் ல் வரும்; பல விசைப்பலகைகளில் ள் வேண்டுமென்றால் பெரிய `L` தட்ட வேண்டும். சொல்லைப் பரிந்துரைக்கும் வகை விசைப்பலகையில் இரண்டுமே மேலே வரிசையில் நிற்கும், அவசரத்தில் முதலில் இருப்பதைத் தொட்டுவிடுகிறோம்.

"எழும்பு" என்றால் எழுந்திரு. முறிந்தது "எலும்பு". கால் முறிந்தவருக்கு "கால் எழும்பு" என்று எழுதினால் கேலி மாதிரி ஆகிவிடும். "குனம்" என்று ஒரு சொல்லே இல்லை; "குணம்" தான்.

ழ, ள, ல மூன்றும் பேச்சில் ஒன்றுக்கொன்று கலந்துபோனவர்களுக்கு வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதும் உதவாது. ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி வளர்ந்தவர்கள் நிறைய. இன்றைக்கு அந்த இரண்டு மொழியிலும் ழ புழக்கத்தில் இல்லை, அதனால் அது அவர்களுக்குத் தடுமாறும். ஆனால் ல–ள, ன–ண வித்தியாசம் அவர்கள் காதில் சுத்தமாக இருக்கும். சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லை மட்டும் அகராதியில் பார்ப்பதே வழி. நலம் விசாரிப்பில் வரும் சொற்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும்: கொள், எலும்பு, குணம், வலி, உடல்நலம். ஒருமுறை சரியாகத் தெரிந்துகொண்டால் போதும்.

"சொல்ர", "வருகிரேன்" இரண்டும் ர–ற குழப்பம். இதற்கு அகராதியே வேண்டாம். இப்போது நடப்பதைச் சொல்லும் வினையில் வருவது எப்போதும் வல்லின ற: வருகிறேன், சொல்கிற, இருக்கிறீர்கள், பார்க்கிறோம். விதிவிலக்கு இல்லாத விதி தமிழில் அபூர்வம், இது அதில் ஒன்று.

"பெரியப்பாவிற்க்கு" என்பதும் அப்படித்தான். ற், ட் இரண்டுக்கும் பிறகு தமிழ்ச் சொல்லில் இன்னொரு புள்ளி எழுத்து வராது. அதற்க்கு, முயற்ச்சி, காட்ச்சி எல்லாம் தவறு; அதற்கு, முயற்சி, காட்சி. ர், ய், ழ் ஆகியவற்றுக்குப் பின்னால் வரலாம், அதனால்தான் பார்த்து, வாய்ப்பு, வாழ்த்து எல்லாம் சரியாக இருக்கின்றன. "பெரியப்பாவிற்கு" சரி, "பெரியப்பாவுக்கு" அதைவிட இயல்பு.

5. ஒற்று: நாலு இடம் மட்டும்

ஒற்று மிகும் இடம், மிகா இடம் என்று பள்ளிக்கூடத்தில் பக்கம் பக்கமாகப் படித்திருப்போம். பத்து வரி மெசேஜுக்கு அவ்வளவும் தேவையில்லை. அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் மட்டுமே இந்தக் கேள்வி எழும். மற்ற எழுத்தில் தொடங்கினால் யோசிக்கவே வேண்டாம். அப்படி வரும்போது, முன்னால் நிற்கும் சொல்லின் முடிவைப் பாருங்கள்.

முதல் இடம், "ஐ" என்று முடியும் வேற்றுமை: உடம்பைப் பார்த்து, பெரியம்மாவைக் கவலைப்பட. இதிலேயே "உம்" சேர்த்துப் "பெரியம்மாவையும்" என்று எழுதினால் முடிவு மாறிவிடுகிறது, ஒற்று வராது: பெரியம்மாவையும் கவலைப்பட.

இரண்டாவது, "கு" என்று முடியும் வேற்றுமை: பெரியப்பாவுக்குச் சொல்லுங்கள், வீட்டுக்குப் போனதும்.

மூன்றாவதில்தான் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். பார்த்து, எடுத்து, கேட்டு என்று வல்லினம் இரட்டித்து முடியும் வினைக்குப் பிறகு ஒற்று வரும்: பார்த்துக்கொள்ளுங்கள், எடுத்துக்கொண்டு, கேட்டுச் சொல்கிறேன். வேண்டி, ஆகி, சொல்லி என்று "இ"யில் முடிந்தாலும் வரும்: வேண்டிக்கொள்கிறேன், சொல்லித் தெரிந்தது. ஆனால் வந்து, விழுந்து, கொண்டு, என்று, செய்து ஆகியவற்றுக்குப் பிறகு வராது. வந்து பார்க்கிறேன், விழுந்து காலில், என்று சொல்லுங்கள், செய்து கொடுத்தார். "து"வுக்கு முன்னால் நிற்பது "த்" என்றால் போடு, "ந்" என்றால் போடாதே என்று தங்கை மகனுக்குச் சொன்னேன். அவனுக்கு அது போதுமாக இருந்தது.

நாலாவது, செய்ய, கட்ட, வர என்று "அ"வில் முடிந்து அடுத்த வினையை எதிர்பார்க்கும் சொல்: தண்ணி கட்டப் போனார், வரச் சொன்னார். "ஆக" என்பதும் இதே வகை, அதனால் ஒழுங்காகச் சாப்பிடுங்கள், நன்றாகத் தூங்குங்கள்.

சொல்லுக்குள்ளேயே வரும் ஒற்றும் உண்டு: கேள்விப்பட்டேன், வருத்தப்பட்டேன், ஞாயிற்றுக்கிழமை. இவை ஒரே சொல்லாக மனசில் பதிந்தால் பிழை வராது. "கவலை பட" என்று இடைவெளி விட்டதால்தான் அங்கே ஒற்று விட்டுப்போனது. "கவலைப்பட" ஒரே சொல். "வேண்டாம்" தனிச்சொல். "சேர்த்து இருக்கிறதா" என்பதும் சேர்ந்து "சேர்த்திருப்பதாக" என்று வர வேண்டும். பேச்சில் உதிர்ந்த "க" எழுத்தில் திரும்பி வந்துவிடும்.

ஒற்று விட்டுப்போனால் பெரியப்பா கோபித்துக்கொள்ள மாட்டார். விகுதியும் கொல்–கொள்ளும்தான் முதலில். நேரம் இருந்தால் ஒற்று.

6. கூப்பிடுவதும் கையெழுத்தும்

"பெரியப்பாவுக்கு" என்று கூப்பிட்டுவிட்டு நேராக "நீங்கள் விழுந்து" என்று போனால் முதல் சொல் தொங்கிக்கொண்டு நிற்கும். இன்லேண்ட் லெட்டர் காலத்தில் "பெரியப்பாவுக்கு எழுதிக்கொண்டது" என்று முடிப்பார்கள். இப்போது "அன்புள்ள பெரியப்பாவுக்கு வணக்கம்" என்றால் வாக்கியம் முழுமையாகிவிடும். "பெரியப்பா," என்று மட்டும் கூப்பிட்டாலும் போதும். "பெரியப்பா அவர்களுக்கு" என்பது பத்திரிகைக் கவரில் எழுதுவது. பழைய கடிதப் பழக்கத்தில் "இங்கு அனைவரும் நலம், அங்கு நலமறிய ஆவல்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

"உங்கள் அன்பு தம்பி மகன்" என்பதில் அன்பு யாருக்கு, தம்பிக்கா மகனுக்கா என்று புரியவில்லை. நம் முறையில் பெரியப்பாவுக்குத் தம்பி மகனும் மகன்தான். "உங்கள் மகன்" என்று எழுதி, கீழே பேர் போட்டால் முடிந்தது. மாமாவுக்கு எழுதினால் "மருமகன்". "இப்படிக்கு" வேண்டுமானால் இருக்கட்டும், எனக்கு அது மனு ஞாபகத்தைக் கொடுக்கிறது.

திருத்திய பிறகு

> அன்புள்ள பெரியப்பாவுக்கு வணக்கம். நீங்கள் வரப்பில் விழுந்து காலில் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருப்பது அம்மா சொல்லித்தான் தெரிந்தது. கேட்டதிலிருந்து மனசு சரியில்லை. டாக்டர் சொல்கிறபடி மாத்திரை எடுத்துக்கொண்டு நன்றாக ஓய்வெடுங்கள். தோட்டத்தை அப்பா பார்த்துக்கொள்வார். சீக்கிரம் குணமாகி நீங்கள் வீடு திரும்ப வேண்டும் என்று முனியப்பனை வேண்டிக்கொள்கிறேன். பெரியம்மாவையும் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன். உங்கள் மகன்.

"இறைவனை" என்பது "முனியப்பனை" ஆனது அவன் விருப்பம். அவர்கள் வீட்டில் கும்பிடுவது அந்தச் சாமியைத்தான், பொதுவாக இறைவன் என்று யாரும் சொல்வதில்லை. "கேள்விப்பட்டேன்" எழுத்தளவில் சரியாக இருந்தும் எடுத்துவிட்டோம். ஊர்க்காரர் யாரோ சொல்லி மூன்றாவது ஆளாகத் தெரிந்துகொண்ட தொனி அதில் இருக்கிறது.

இதைப் பேச்சு நடையிலேயே எழுதக் கூடாதா? தாராளமாக எழுதலாம். அப்படியானால் முழுக்கப் பேச்சாக இருக்கட்டும்: "பெரியப்பா, நீங்க விழுந்துட்டீங்கன்னு அம்மா சொல்லித்தான் தெரிஞ்சுது. நல்லா ரெஸ்ட் எடுங்க. தோட்டத்த அப்பா பாத்துக்குவாரு. ஞாயித்துக்கிழமை வர்றேன்." இதிலும் "நீங்க", "எடுங்க" என்று மரியாதை வால் ஒழுங்காக இருக்கிறது. "வரப்புல விழுந்து" என்று தொடங்கி "வேண்டிக்கொள்கிறேன்" என்று முடிப்பதுதான் ஒட்டாமல் நிற்கும்.

பிறந்தநாள் என்றால்

படிகள் இவையேதான், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். "வாழ்த்துகள்" என்று எழுதுங்கள். "வாழ்த்துக்கள்" என்று ஏராளமானோர் எழுதுகிறார்கள், அதற்காக வாதாடுகிறவர்களும் உண்டு. என் கடையில் ஒரு க் குறைவாகத்தான் அடிப்பேன், இலக்கணம் படித்த யாரும் அதில் குறை சொன்னதில்லை. ஆண்டுதோறும் கொண்டாடுவதற்குப் "பிறந்தநாள்" என்று சேர்த்து எழுதுவது வசதி. "நான் பிறந்த நாள் மழை பெய்தது" என்னும்போது பிரித்து. பெரியவர்களுக்கு எழுதும்போது "வாழ்த்துகிறேன்" என்று சொல்லத் தயங்குகிறவர்கள் "வணங்குகிறேன்" என்று முடித்துக்கொள்ளலாம்:

> அத்தை, உங்களுக்கு என் இனிய பிறந்தநாள் வாழ்த்துகள். நீங்கள் நல்ல உடல்நலத்தோடு நூறு வருஷம் இருக்க வேண்டும். உங்களை வணங்குகிறேன்.

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்குப் பிறந்த தேதி என்பது பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டுக்கொடுத்ததுதான். அந்தத் தேதியில் மெசேஜ் போட்டால் "இன்னைக்கா?" என்று அவர்களே கேட்பார்கள். அனுப்புவதற்கு முன் வீட்டில் ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்வது நல்லது.

அனுப்புவதற்கு முன் ஒரு தடவை

பார்வையால் ஓட்டிப் பார்த்தால் மூளை தானே பிழையைத் திருத்திக்கொண்டு வாசித்துவிடும். அதனால் போனை இன்னொருவர் கையில் கொடுத்து வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள், நீங்கள் கேளுங்கள். அவர் எங்கே தடுக்குகிறாரோ அங்கே எழுத்துப்பிழையோ இடைவெளிப் பிழையோ இருக்கும். எங்கே உங்களுக்குக் கூசுகிறதோ அங்கே விகுதிப் பிழை இருக்கும். எங்கள் கடையில் பேப்பர் வாங்க வந்த ஒரு காலேஜ் பொண்ணு வாசித்தது. "மாத்திரை எடுத்துக்கொண்டு" வரைக்கும் மடமடவென்று போனது, "முனியப்பனை" வந்ததும் ஒரு நொடி நின்று, "எந்த முனியப்பன்ணே?" என்று கேட்டது. அது பிழை இல்லை, விட்டுவிட்டோம்.

தங்கை மகன் அங்கேயே அனுப்பினான். டீ குடித்து முடிப்பதற்குள் பெரியப்பா குரலிலேயே பதில் வந்தது: "சரிப்பா. வரும்போது வீட்ல ஜன்னல் மேல என் கண்ணாடி இருக்கும், எடுத்துக்கிட்டு வா. இந்தப் புள்ள படிக்கிறது பாதி காதுல விழல."